எழுபது யூரோ என்று எழுதிக் கொடுத்த அறை

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் இல்லத்துக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பழைய பிரெஞ்சு வீடு, நடுவில் முற்றம், தெருப் பக்கம் நாலு மேசை போட்ட சின்ன கஃபே. நடத்துகிற அக்காவுக்கு பிரெஞ்சு நன்றாக வரும். குளிர்காலத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் பிரான்சிலிருந்து நேரடியாக அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி அறை பிடிக்கிறவர்கள். அவர்களுக்கு வாடகையை ரூபாயில் சொல்வதா, யூரோவில் சொல்வதா என்ற கேள்வி அந்த வீட்டில் வருடா வருடம் வரும்.

இந்த ஊரில் யூரோ ஒன்றும் அந்நியமான சங்கதி இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்களின் குடும்பங்களுக்குப் பென்ஷன் யூரோவில்தான் வருகிறது. இன்றைக்கு யூரோ என்ன விலை என்பது இங்கே டீக்கடையிலேயே கேட்கிற கேள்வி. பத்துப் பதினைந்து வருடக் கணக்கைப் பார்த்தால் யூரோ ஏறித்தான் இருக்கிறது. ஆகவே ‘வெள்ளைக்காரருக்கு யூரோவிலேயே சொல்லிவிடு, ஏறினால் நமக்குத்தானே லாபம்’ என்ற யோசனை எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. அக்காவும் 2025 தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார்.

அந்த பிப்ரவரியில் ஒரு யூரோ 90 ரூபாயை ஒட்டி இருந்தது. சாதாரண அறைக்கு வரி இல்லாமல் 6,300 ரூபாய். லியோனிலிருந்து ஒரு வயதான தம்பதி டிசம்பரில் ஒன்பது இரவு தங்கக் கேட்டிருந்தார்கள். அக்கா, ‘இரவுக்கு 70 யூரோ, அதாவது சுமார் 6,300 ரூபாய், வரி தனி’ என்று பதில் எழுதினார். டிசம்பரில் அவர்கள் வந்து இறங்கியபோது யூரோ 105ஐத் தொட்டிருந்தது.

கிளம்புகிற அன்று காலை நான் அங்கே இருந்தேன். அக்கா கால்குலேட்டரில் எழுபதை நூற்றைந்தால் பெருக்கி 7,350 என்று காட்டினார். அந்தப் பெரியவர் நாலாக மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார். அக்கா அனுப்பிய மின்னஞ்சலின் பிரிண்ட் அது. 6,300 ரூபாய் என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். பிறகு அவர் மனைவி போனை எடுத்து ஒரு முன்பதிவுத் தளத்தைக் காட்டினார். அதே வீடு, அதே அறை, 60 யூரோ. ‘நாங்கள் உங்களிடம் நேராக எழுதினோம், அதற்குப் பத்து யூரோ கூடுதலா?’ என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. இரவுக்கு 1,050 ரூபாய் வித்தியாசம், ஒன்பது இரவுக்கு 9,450. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 6,300 கணக்கிலேயே பில் போடச் சொன்னார்.

தளத்தில் 60 யூரோ எப்படி வந்தது? அங்கே அக்கா விலையை ரூபாயில்தான் பதிந்திருக்கிறார், 6,300 என்று. பார்க்கிறவரின் நாட்டுப் பணத்துக்குத் தளமே அன்றைய விலையில் மாற்றிக் காட்டுகிறது. பிப்ரவரியில் அந்த 6,300 எழுபது யூரோவாகத் தெரிந்தது. யூரோ 105 ஆனதும் அதே 6,300 அறுபதாகச் சுருங்கிவிட்டது. அக்கா தளத்தில் எதையும் தொடவே இல்லை.

இந்தக் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. யூரோவில் விலை சொல்கிறவர், யூரோ ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம், இரண்டும் காலப்போக்கில் சரியாகிவிடும் என்று நினைக்கிறார். ஆனால் விருந்தினர் கையில் எப்போதும் இரண்டு விலைகள் இருக்கின்றன: மின்னஞ்சலில் வந்த யூரோ விலை ஒன்று, தளத்தில் தெரிகிற ரூபாய் விலை மற்றொன்று. யூரோ ஏறினால் ரூபாய் விலை அவருக்கு மலிவு. நேரடி முன்பதிவை ரத்து செய்துவிட்டுத் தளத்தில் பிடித்துக்கொள்வார். தளத்துக்குக் கமிஷன் பதினைந்து சதவீதம் என்றால் 6,300இல் 945 ரூபாய் போய்விடும். யூரோ ஏறியதால் லாபம் வராதது மட்டுமில்லை, நேரடியாக வந்திருந்தால் மிஞ்சியிருக்க வேண்டிய 945 ரூபாயும் போகிறது.

யூரோ இறங்கினால் என்ன? 79க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 70 யூரோ என்பது அப்போது 5,530 ரூபாய். தளத்தில் 6,300 ரூபாய் என்பது கிட்டத்தட்ட 80 யூரோவாகத் தெரியும். விருந்தினர் தளத்தின் பக்கமே போகமாட்டார், அக்காவின் 70 யூரோ மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருப்பார். அவர் நியாயமாகத்தான் நடக்கிறார், கையில் உள்ள இரண்டில் மலிவானதை எடுக்கிறார். ஏற்றத்தின் பலன் அவருக்கு, இறக்கத்தின் நஷ்டம் வீட்டுக்காரருக்கு என்று ஒரு சீட்டை எழுதி, காசு வாங்காமல் கொடுத்த மாதிரிதான் ஆகிறது.

யூரோ 79க்கு எங்கே இறங்கப் போகிறது என்று கேட்கலாம். 2022 ஜனவரியில் 84 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ, செப்டம்பரில் 79 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அந்த வருடம் டாலருக்கு எதிராக ரூபாயும் சரிந்துகொண்டிருந்தது. யூரோ அதைவிட வேகமாகச் சரிந்து, ஒரு டாலருக்கும் கீழே போனது. அதற்கு முன் 2014 தொடக்கத்தில் 84 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ, 2015 மார்ச், ஏப்ரலில் 67 ரூபாய் அளவுக்கு வந்தது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ரூபாய் பலவீனமானது, எந்த வெளிநாட்டுப் பணமும் அதற்கு எதிராக ஏறத்தான் செய்யும் என்ற நம்பிக்கை டாலரை வைத்து வந்தது. யூரோவில் அறை விடுகிறவர் ரூபாயை மட்டுமில்லாமல் ஐரோப்பாவையும் சேர்த்துப் பந்தயம் கட்டுகிறார். அவருடைய சலவைக்காரர், சமையல்காரர், கரண்ட் பில், தண்ணீர் லாரி எல்லாமே ரூபாய்.

இனி வரிக்கு வருகிறேன். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். விருந்தினர் இல்லம் நடத்துகிற பலர் இதை யோசித்தே இருக்கமாட்டார்கள்.

ஓர் அறையின் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. ஒரு விகிதம், அதைத் தாண்டினால் வேறு விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 வரை ஐந்து சதவீதம். அதற்கு முன் பன்னிரண்டு. தாண்டினால் அப்போதும் இப்போதும் பதினெட்டு. ஐந்து சதவீதத்தில், நாம் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, பதினெட்டில் முடியும். ஆனால் ஆறு அறை வீட்டில் கழிக்க அப்படி ஒன்றும் பெரிதாக இருக்காது. இந்த 7,500 என்பது பலகையில் எழுதி வைத்த விலை இல்லை, உண்மையில் வசூலிக்கிற வாடகை. 2018 ஜூலையிலிருந்தே அப்படித்தான்.

அக்காவிடம் மாடியில் ஒரு பெரிய அறை உண்டு. ரூபாயில் 7,200. பிப்ரவரியில் அதை வேறொருவருக்கு ‘80 யூரோ, வரி தனி’ என்று எழுதியிருந்தார். அப்போது அது சரியாக 7,200 ரூபாய்தான். டிசம்பரில் 80 யூரோ என்பது 8,400 ரூபாய். 7,500ஐத் தாண்டிவிட்டது, வரி பதினெட்டு சதவீதம், 1,512 ரூபாய். மொத்தம் 9,912. அதே அறையை 7,200 ரூபாய் என்று எழுதியிருந்தால், இடையில் வரி குறைந்ததால் 360 ரூபாய் மட்டும் வரி போட்டு 7,560 ரூபாயோடு முடிந்திருக்கும். யூரோவில் பார்த்தால் ஒன்று 94 யூரோ சொச்சம், மற்றது 72. அறை அதேதான், கட்டிலும் அதேதான், நாட்டில் வரியும் குறைந்திருக்கிறது, விருந்தினருக்கு மட்டும் பில் ஏறுகிறது. இதை அவருக்கு எந்த மொழியில் விளக்கினாலும் புரியவைப்பது கடினம்.

‘வரி உட்பட 80 யூரோ’ என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று தோன்றும். அது இன்னும் சிக்கல். கையில் வருவது 8,400 ரூபாய். அதில் ஐந்து சதவீத வரி அடங்கியிருக்கிறது என்று பிரித்தால் வாடகை 8,000 ஆகிறது. அது 7,500க்கு மேலே, ஆகவே ஐந்து சதவீதம் செல்லாது. சரி, பதினெட்டு என்று பிரித்தால் வாடகை 7,119 ஆகிறது. அது 7,500க்குக் கீழே, ஆகவே பதினெட்டும் பொருந்தாது. வரியோடு சேர்த்து 7,875 ரூபாய்க்கும் 8,850 ரூபாய்க்கும் இடையில் எந்தத் தொகையைப் போட்டாலும் இந்தப் பிரச்சினை வரும். அந்த இடைவெளியில் விலை வைக்கவே கூடாது. ரூபாயில் விலை வைக்கிறவர் தெரிந்தே அதைத் தவிர்த்துவிடலாம். யூரோவில் வைக்கிறவரை எந்த நாளிலும் மாற்று விலை அதற்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. தெருப் பக்கம் கஃபே இருக்கிறது என்றேன் அல்லவா? தங்கும் இடத்துக்குள் இருக்கும் உணவகத்துக்கு ஐந்து சதவீத வரியா, பதினெட்டா என்பதும் இந்த 7,500ஐ வைத்துத்தான் முடிவாகிறது. 2025 ஏப்ரல் முதல் விதி இப்படி: முந்தைய நிதியாண்டில் அந்த இடத்தில் ஏதாவது ஓர் அறை ஒரு நாள் 7,500ஐத் தாண்டி விடப்பட்டிருந்தால், அடுத்த நிதியாண்டு முழுக்க அங்கே விற்கிற சாப்பாட்டுக்குப் பதினெட்டு சதவீதம். ‘ஏதாவது ஓர் அறை’ என்பதைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் ஒரே ஓர் இரவு மாடி அறைக்கு 8,400 ரூபாய் என்று பில் போட்டால், வரும் ஏப்ரல் முதல் தெருவில் போகிறவர் வந்து குடிக்கிற காபிக்கும் பதினெட்டு சதவீதம். எதிர்க் கடையில் அதே காபி ஐந்து சதவீதத்தில் கிடைக்கும்போது, யூரோ விலை ஏறியதற்காக அக்காவின் கஃபே ஒரு வருடம் தண்டம் கட்ட வேண்டும். அந்த மாடி அறைக்கும் கடைசியில் நாங்கள் பிப்ரவரியின் ரூபாய் விலையிலேயே பில் போட்டோம். விருந்தினருக்கு மகிழ்ச்சி, எனக்கு நிம்மதி.

யூரோவில் விலை சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஒரு சின்ன வகுத்தல் செய்து பார்த்துக்கொள்ளலாம். 7,500ஐ உங்கள் யூரோ விலையால் வகுத்துப் பாருங்கள். 80 யூரோ அறைக்கு 93 ரூபாய் 75 காசு. யூரோ அதைத் தாண்டும் நாளில் அந்த அறையின் வரி மாறிவிடும். 60 யூரோ அறைக்கு அது 125 ரூபாய், கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது.

விலை சொல்வது ஒரு பணத்தில், கட்டுவது எந்தப் பணத்தில் என்பது தனிக் கேள்வி. பல பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். யூரோவில் விலை சொன்னால் யூரோ கைக்கு வரும் என்று நினைத்தால், அது பெரும்பாலும் வராது. கார்டு மெஷினில் பிரெஞ்சு வங்கியின் கார்டைத் தேய்த்தாலும் நம் கணக்கில் விழுவது ரூபாய்தான். வெளிநாட்டுக் கார்டுக்கு நம் வங்கி பிடிக்கிற கட்டணம் உள்நாட்டுக் கார்டைவிட நன்றாகவே கூடுதல், மூன்று சதவீதத்தை ஒட்டி இருக்கும். இதை முதலிலேயே ரூபாய் விலைக்குள் வைத்துவிட வேண்டும், கடைசியில் தனியாகக் கேட்டால் மனக்கசப்புத்தான்.

சில மெஷின்கள் ‘யூரோவில் கட்டுகிறீர்களா, ரூபாயிலா’ என்று கேட்கும். யூரோவை அழுத்தினால், மெஷின் தன் சொந்த விலையில் மாற்றி, தனக்கு ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஒரு தொகையைக் காட்டும். நமக்கு வருவது அதே ரூபாய். விருந்தினருக்கு மட்டும் நாலைந்து சதவீதம் கூடலாம். ஏற்கெனவே யூரோவில் விலை சொல்லியிருந்தால், ‘எழுபது என்றீர்கள், மெஷின் எழுபத்து மூன்று என்கிறதே’ என்று அங்கேயே பேச்சு வளரும். ரூபாயை அழுத்தச் சொல்வதுதான் அவருக்கு நல்லது.

யூரோ நோட்டாகக் கொடுத்தால் வாங்கக் கூடாது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பண மாற்றுநர்தான் வெளிநாட்டு நோட்டை வாங்கலாம். பெரிய ஹோட்டல்கள் அந்த உரிமத்தை வைத்திருக்கும், ஆறு அறை வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. மிஷன் வீதிப் பக்கம் மாற்றிக்கொண்டு, ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினால் போதும். மிஞ்சிய ரூபாயை ஊர் திரும்பும்போது யூரோவாக மாற்ற அந்த ரசீது அவருக்கு வேண்டியிருக்கும்.

வங்கி வழியாக முன்பணம் அனுப்புகிறவர்களும் உண்டு. அங்கே எந்த விலை என்ற குழப்பம் வரும். போனில் தேடினால் தெரிகிற விலை வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கிற விலையின் நடுப்புள்ளி. அந்த விலையில் நமக்கு யாரும் மாற்றித் தரமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தொகையை வங்கி அதைவிடக் குறைந்த விலையில் வாங்கும், நோட்டாக இருந்தால் இன்னும் குறைவு. வழியில் இடைநிலை வங்கி ஒன்று தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும், நம் வங்கியும் ஒன்று பிடிக்கும். இந்தக் கட்டணங்கள் தொகை சின்னதோ பெரிதோ பெரும்பாலும் ஒரே அளவு. ஆயிரம் யூரோ என்றால் தெரியாது, எழுபது யூரோ முன்பணத்தில் நன்றாகவே வலிக்கும்.

அக்காவின் மின்னஞ்சலில் இருந்த உண்மையான குறை இதுதான். எந்த நாள் விலை, யாருடைய விலை என்று அதில் இல்லை. 70 யூரோ என்றும் எழுதி, 6,300 ரூபாய் என்றும் எழுதி, எது விலை, எது விளக்கம் என்று சொல்லாமல் விட்டிருந்தார். அந்தப் பெரியவர் பென்சிலால் கோடு போட்டது நியாயமே. இப்போது அவர் எழுதுகிற பதில் ஏறக்குறைய இப்படி இருக்கிறது: ‘இரவுக்கு 6,300 ரூபாய், வரி 315, மொத்தம் 6,615 ரூபாய். இன்றைய மாற்று விலையில் சுமார் 63 யூரோ, உங்கள் வசதிக்காக மட்டும். பில்லும் கட்டணமும் ரூபாயில். மார்ச் 31 வரை தங்குவதற்கு இந்த ரூபாய் விலை மாறாது, அரசு வரி மாறினால் அது மட்டும் மாறும்.’ யூரோ எண் அதில் இருக்கத்தான் செய்கிறது. அது இருந்தால்தான் லியோனில் உட்கார்ந்திருப்பவருக்கு விலை மனதில் பதியும். ஆனால் அது விலை இல்லை என்பதும் தெளிவாக இருக்கிறது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு, அதை நான் முதலில் எதிர்பார்க்கவில்லை. சென்னையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வழியில் மாமல்லபுரத்தில் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் கண்ணுக்கு யூரோவில் ஒரு விலை தெரிந்தால், இதுவும் வெளிநாட்டவருக்கான தனி விலையோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. வரவேற்பு மேசையில் உள்ள ரூபாய் அட்டையில் இருப்பதும் தன் பில்லில் இருப்பதும் ஒரே எண் என்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அப்படியானால் யூரோவில் விலை சொல்லவே கூடாதா? ஓர் இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே அது நியாயமும்கூட. பிரான்சிலிருந்து குழுக்களாக அழைத்து வரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள், அடுத்த குளிர்காலத்துக்கான பயணத்தை இந்த வருடத் தொடக்கத்திலேயே விலை போட்டு விற்கத் தொடங்கிவிடுவார்கள். தங்கள் வாடிக்கையாளரிடம் யூரோவில் வாங்குகிறவர்கள் என்பதால் நம்மிடமும் யூரோவில் நிலையான விலை கேட்பார்கள். தனி விருந்தினரைப் போல இவர்கள் தளத்துக்குத் தாவமாட்டார்கள். ஒப்பந்தம் போட்டுவிட்டால் ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். நான் மேலே சொன்ன காசு வாங்காத சீட்டு இங்கே இல்லை, ஏற்றத்தின் பலனும் நமக்கு உண்டு.

அப்படி ஒரு கேள்வி அக்காவுக்கு வந்தது. ஆறு அறைகளும், மூன்று இரவுகள், குளிர்காலத்தில் எட்டுக் குழுக்கள். 144 அறை இரவுகள். குழு என்பதால் அறைக்கு 6,000 ரூபாய் கிடைத்தால் போதும் என்று முடிவு செய்தோம். அன்றைய 105இல் வகுத்தால் 57 யூரோ. நான் அதை வேண்டாம் என்றேன். பணம் வரப் போவது பத்து மாதம் கழித்து. இன்றைய விலையில் வகுப்பது, யூரோ இங்கேயே நிற்கும் என்று வாக்குக் கொடுப்பது மாதிரி. 100 என்று வைத்து வகுத்தோம், 60 யூரோ, வரி தனி. மொத்தம் 8,640 யூரோ. யூரோவின் விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் அக்காவுக்கு 8,640 ரூபாய் நகரும். இந்த எண்ணைச் சொன்னதும்தான் அக்காவுக்கு விஷயம் முழுதாகப் பிடிபட்டது. ‘தம்பி, பத்து ரூபாய் இறங்கினால் சமையல்காரருக்கு நாலு மாதச் சம்பளம் போச்சே’ என்றார்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு தரை போட்டோம். ஒவ்வொரு குழுவும் வருவதற்கு முப்பது நாள் முன்பு, மாற்று விலைகளைக் கணக்கிட்டு அறிவிக்கிற எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் தினமும் வெளியிடும் யூரோ குறிப்பு விலையைப் பார்ப்பது. டாலர், யூரோ, பவுண்டு, யென் முதலானவற்றுக்கு வேலை நாட்களில் மதியம் வருகிற இந்த விலையை யாரும் பார்க்கலாம், இரண்டு தரப்புக்கும் பொதுவானது. அது 95க்குக் கீழே இருந்தால், 5,700 ரூபாயை அன்றைய விலையால் வகுத்து அந்தக் குழுவுக்கு யூரோ விலை. 90 ஆகிவிட்டால் 63 யூரோ சொச்சம் வரும். 95க்கு மேல் இருந்தால் 60 யூரோ அப்படியே. முன்பணம் முப்பது சதவீதம் ஒப்பந்தம் ஆனதும் வந்துவிட வேண்டும், அந்தப் பகுதி அப்போதே ரூபாயாகிவிடும். அதை யூரோவாகவே வைத்துக்கொள்ளத் தனிக் கணக்கு தொடங்க வழி இருக்கிறது. ஆனால் அதில் வந்த தொகையை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும். செலவெல்லாம் ரூபாயில் இருக்கிற வீட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. வங்கியில் மாற்று விலையை முன்கூட்டியே பூட்டுகிற ஒப்பந்தமும் உண்டு. ஆனால் எட்டுக் குழுவில் ஆறுதான் வந்தது என்றால், வராத யூரோவுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். இந்த அளவுக்கு அது வேண்டாம் என்று விட்டோம்.

ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. தரைக்குச் சம்மதம், ஆனால் கூரையும் வேண்டும் என்று கேட்டிருந்தார். யூரோ 115ஐத் தாண்டினால், 6,900 ரூபாயை அன்றைய விலையால் வகுத்து யூரோ விலையைக் குறைக்க வேண்டும் என்றார். அக்காவுக்கு முதலில் மனசே இல்லை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். கூரை இருந்தால் அறை வாடகை 6,900ஐப் பெரிதாகத் தாண்டாது, அதாவது 7,500இன் பக்கமே போகாது. கஃபேயில் காபி ஐந்து சதவீதத்திலேயே இருக்கும். அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.